மன்னிப்புக் கடிதத்தில் ஓர் ‘ஆல்’

கேள்வி: ஐயா, பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒன்பது வருடமாக மெஸ் நடத்துகிறேன். போன ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்து சாப்பிட்டார்கள். அப்பாவும் ஏழு வயதுப் பெண்ணும் எலுமிச்சை சாதம், அம்மாவும் பாட்டியும் முழுச் சாப்பாடு. சாயங்காலம் நாலரை மணிக்கு அப்பாவுக்கும் பெண்ணுக்கும் வாந்தி ஆரம்பித்ததாம். பெண்ணுக்கு ராத்திரி டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். திங்கள் காலை அந்த அப்பா வாட்ஸ்அப்பில் எழுதி, 4,800 ரூபாய் ஆஸ்பத்திரி பில்லையும் அனுப்பினார். எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். பயத்தில் நான் பதிலே போடவில்லை, இன்றைக்குப் புதன். “எங்கள் சாப்பாட்டால் உங்களுக்கு இப்படி ஆனதற்கு மன்னித்துவிடுங்கள், எல்லாச் செலவையும் நாங்களே ஏற்கிறோம்” என்று எழுதி வைத்திருக்கிறேன். “எழுதினால் கோர்ட்டில் மாட்டிக்கொள்வாய், வாயே திறக்காதே” என்கிறான் தம்பி. எழுதலாமா, கூடாதா?

பதில்: எழுதுங்கள் அம்மா. ஆனால் எழுதுவதற்கு முன்னால் போனை எடுத்துப் பேசுங்கள், இன்றைக்கே. உங்கள் மாஸ்டரையோ தம்பியையோ பேசச் சொல்லாதீர்கள், நீங்களே பேச வேண்டும். “சார், மெஸ்லேர்ந்து பேசுறேன். பாப்பா இப்ப எப்படி இருக்கா? தண்ணி குடிச்சா நிக்குதா? உங்களுக்கு எப்படி இருக்கு?” அவ்வளவுதான் முதல் கேள்விகள். பதிலைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீர்கள். குழந்தை இன்னும் வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை, மலத்தில் ரத்தம் வருகிறது என்று ஏதாவது சொன்னால், மறுபடி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் வைத்தியம் சொல்ல வேண்டாம். ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம் என்று நம் வாயில் தானாக வந்துவிடும். அக்கறையில் வருவதுதான், ஆனால் நாளைக்கு உடம்பு மோசமானால் அந்தக் கஷாயமும் உங்கள் கணக்கில் சேரும்.

அந்த போனில் ஒரு கேள்வியை மட்டும் முதலில் கேட்டுவிடாதீர்கள்: “வேற எங்கயாவது சாப்பிட்டீங்களா சார்?” ஹோட்டல்காரர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், பின்னால் வரும். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் இது வந்தால், இவர்கள் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் அந்த நிமிடமே முடிவு செய்துவிடுவார். அப்புறம் நீங்கள் என்ன எழுதினாலும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் படிப்பார்.

சரி, கடிதத்துக்கு வருவோம். நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்கியத்தில் மன்னிப்பு என்ற சொல் ஆபத்தில்லை. ஆபத்து ‘சாப்பாட்டால்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆல்’ என்ற வேற்றுமை உருபில் இருக்கிறது. “எங்கள் சாப்பாட்டால் உடம்பு கெட்டது” என்றால் காரணத்தை நீங்களே தீர்ப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். “எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட பிறகு உடம்பு கெட்டது” என்றால் எது முன்னால், எது பின்னால் என்று மட்டும் சொல்கிறீர்கள். அது உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது. அவருடைய வேதனையும் அதில் குறையவில்லை. அதே மாதிரி “எல்லாச் செலவையும்” என்பது இன்னும் எவ்வளவு என்றே தெரியாத ஒரு தொகைக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் உங்கள் மன்னிப்பு அப்படியே நிற்கலாம்.

தம்பி பயப்படுவதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்துத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நம் நாட்டில் அப்படிப் பொதுவான பாதுகாப்பு கிடையாது. நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி நுகர்வோர் ஆணையத்தில் ஒரு காகிதமாக வந்து நிற்கலாம். புகார் கொடுக்க அவருக்கு இரண்டு வருடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவிலும் நஷ்டஈடு தனியாக உண்டு: உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. ஆனால் தம்பி சொல்கிற மௌனம் இதில் எதிலிருந்தும் உங்களைக் காப்பாற்றாது. வாயே திறக்காத கடைக்காரரைப் பற்றி ஆணையம் நல்லவிதமாக நினைக்கப் போவதில்லை.

ஒரு பழைய கதை. நான் வேலை பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில், விருந்தில் சாப்பிட்ட ஒரு பெரியவருக்கு ராத்திரி வயிற்றுப்போக்கு. அவர் மகன் காலையில் போன் செய்தபோது அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. நிர்வாகம் சட்டப் பிரிவைக் கேட்டு மூன்றாம் நாள் ஒரு கடிதம் அனுப்பியது. “நடந்ததாகத் தங்களால் கூறப்படும் சம்பவம்” என்று தொடங்கிய கடிதம் அது. தன் அப்பா கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்ததை ராத்திரி முழுக்கப் பார்த்த பிள்ளைக்கு, அது ‘கூறப்படும்’ சம்பவமாம். அந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடைசிவரை அந்த மகன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசினார்.

‘ஆல்’ வேண்டாம் என்று நான் சொல்வது வெறும் வக்கீல் தந்திரம் இல்லை. காரணம் உங்களுக்கு உண்மையாகவே இன்னும் தெரியாது. கடைசியாக எங்கே சாப்பிட்டோமோ அதன் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும், அது இயல்பு. ஆனால் சால்மோனெல்லா கிருமி என்றால் சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் வேலையைக் காட்டும். பள்ளிக்கூடத்தில் பரவுகிற நோரோ வைரஸ் வாந்திக்கு 12 முதல் 48 மணி நேரம். அப்படியானால் ஞாயிறு சாயங்கால வாந்தியின் வேர் சனிக்கிழமையிலோ வெள்ளிக்கிழமையிலோகூட இருக்கலாம்.

ஆனால் உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக உண்மையை மடக்கவும் நான் தயாரில்லை. சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் பற்றிப் பேச்சில்லை, எலுமிச்சை சாதம் சாப்பிட்ட இரண்டு பேருக்கு மட்டும், மற்ற இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. இதைப் படித்ததும் என் மனது நேராக உங்கள் சோற்று அண்டாவுக்குத்தான் போனது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் சோறு வேகும்போதும் சாகாது. வடித்த சோற்றை வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் வைத்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடும். அந்த நச்சு அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியை வரவைக்கும். சூட்டுக்கு அது அசராது. திரும்பச் சூடு பண்ணினாலும், கொதிக்கக் கொதிக்கத் தாளித்துக் கொட்டினாலும் போகாது. சோறு கெட்ட வாடையும் அடிக்காது. எலுமிச்சை பிழிந்துவிட்டோமே, புளிப்பில் கிருமி நிற்காதே என்பார் மாஸ்டர். அது சாறு கலந்த பிறகு. கலப்பதற்கு முன்னால் அண்டாவில் கிடந்த நேரத்துக்கு எலுமிச்சை என்ன செய்யும்?

அதனால் இன்றைக்கு மாஸ்டரைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதத்துக்குச் சோறு எத்தனை மணிக்கு வடித்தது? சனிக்கிழமை ராத்திரிச் சோறு அதில் கலந்ததா? தட்டில் பரப்பி ஆறவைத்தாரா, அண்டாவோடு மூடி வைத்தாரா? எத்தனை மணிக்குக் கலந்தார்? அன்றைக்கு எத்தனை பிளேட் எலுமிச்சை சாதம் போனது, வேறு யாராவது போன் செய்தார்களா? திட்டுகிற தொனியில் கேட்டால் பொய்தான் வரும். காலை ஏழு மணிக்கு வடித்து மூடி வைத்து ஒன்றரைக்குப் பரிமாறியது என்று தெரிந்தால், ஆறரை மணி நேரம். அந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு தடவையாக வடியுங்கள், அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆறவையுங்கள், ஆறியதும் கலந்து சீக்கிரம் பரிமாறுங்கள். சூடாக வைப்பதாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல், குளிராக வைப்பதாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் வெதுவெதுப்பாக வைப்பதுதான் கிருமிக்கு விருந்து. திருத்தினால் தவறை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் அடுத்த ஞாயிறு இன்னொரு குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறும். திருத்துங்கள், அதைக் கடிதத்தில் அறிவிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இத்தனையும் தெரிந்தாலும் ‘சோறுதான்’ என்று நிரூபணமாகிவிடாது. அப்பாவும் பெண்ணும் காலையில் சேர்ந்து வேறு எதையாவது சாப்பிட்டிருக்கலாம், ஒரே வைரஸ் இரண்டு பேருக்கும் வந்திருக்கலாம். பலமான சந்தேகம், அதற்கு மேல் இல்லை. அந்தச் சந்தேகத்தைக் கடிதத்தில் தீர்ப்பாக எழுதக் கூடாது, எந்தப் பக்கமும். “எங்கள் சாதம்தான் காரணம்” என்று எழுதக் கூடாது. “எங்கள் உணவில் எந்தக் குறையும் இல்லை, அன்று நூறு பேர் சாப்பிட்டார்கள்” என்றும் எழுதக் கூடாது. இரண்டாவதும் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான். நாளைக்கு வேறு யாராவது புகார் சொன்னால் அந்த வரி உங்களைப் பொய்யராக்கும்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுப் போன பிறகு உங்களுக்கும் பாப்பாவுக்கும் உடம்பு முடியாமல் போனது, பாப்பாவுக்கு ராத்திரி டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தது எல்லாம் மனதை மிகவும் வருத்துகிறது. அந்த ராத்திரி உங்கள் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இருவரும் சீக்கிரம் நன்றாகத் தேறி வர வேண்டும்.
>
> திங்கள் காலையே நீங்கள் எழுதியும் இன்றுவரை நான் பதில் தரவில்லை. அது என் தவறு. மன்னித்துவிடுங்கள்.
>
> அன்று என்னென்ன சமைத்தோம், எத்தனை மணிக்குச் சமைத்தோம், எப்படி வைத்திருந்தோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். காரணம் இன்னதென்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்த வரைக்கும் வரும் சனிக்கிழமை மாலை நானே போனில் சொல்கிறேன். டாக்டர் சீட்டோ பரிசோதனை முடிவோ இருந்து, உங்களுக்குச் சௌகரியப்பட்டால் அனுப்புங்கள், பார்ப்பதற்கு உதவியாக இருக்கும்.
>
> அன்றைய பில் தொகையைத் திருப்பி அனுப்புகிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக எதையும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய ஆஸ்பத்திரி பில் கிடைத்தது. அது பற்றியும் சனிக்கிழமை பதில் சொல்கிறேன்.
>
> எப்போது வேண்டுமானாலும் இந்த எண்ணில் என்னைக் கூப்பிடலாம்.

‘மன்னித்துவிடுங்கள்’ எங்கே வைத்திருக்கிறேன் பாருங்கள். பதில் போடாமல் விட்டது சந்தேகமில்லாமல் உங்கள் தவறு, அதற்கு வளைக்காமல் நெளிக்காமல் கேட்டுவிடலாம். அவருக்கு எழுத்தில் ஒரு மன்னிப்பு கிடைத்துவிடும், அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இருக்காது. முதல் பத்தியில் ‘வருந்துகிறோம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காததற்கும் காரணம் இருக்கிறது. ரயில் தாமதத்துக்கு ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் நம் காதில் செத்துப்போய்விட்டது. டிரிப்ஸ், ராத்திரி என்று அவர் சொன்ன விவரத்தையே திருப்பிச் சொன்னால்தான், முழுக்கப் படித்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இன்னொன்று, ‘ஒவ்வாமை’ என்ற சொல் கடிதத்தில் எங்கேயும் வர வேண்டாம். பத்திரிகைகள் ஃபுட் பாய்சனுக்கெல்லாம் அதைப் போட்டுவிடுகின்றன. ஒவ்வாமை என்றால் அலர்ஜி, சாப்பிட்டவர் உடம்புவாகு. கோளாறு அவர் உடம்பில்தான் என்று நீங்கள் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

அந்த 4,800 ரூபாய்க்கு வருவோம். கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்கிறேன். முதலில் உங்கள் கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர்களுக்கான பாக்கேஜ் பாலிசியில் பப்ளிக் லயபிலிட்டி என்று ஒரு பகுதி சேர்ந்திருக்கலாம், பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அப்படி இருந்தால் அதில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, தரவோ கூடாது. “எல்லாச் செலவையும் ஏற்கிறோம்” என்று நீங்கள் எழுதியிருந்தால் கோர்ட்டுக்கு முன்னால் இந்த நிபந்தனையில்தான் மாட்டியிருப்பீர்கள். இன்றே ஏஜெண்டுக்கு போன் செய்து விஷயத்தைச் சொல்லி, எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். பில் தொகையைத் திருப்பித் தருவதையும் அவர் காதில் போட்டுவிட்டே கடிதத்தை அனுப்புங்கள்.

பாலிசி இல்லை என்றால் முடிவு உங்கள் கையில். இந்த அளவுத் தொகை என்றால் நான் கொடுத்துவிடுவேன். ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒரு வக்கீலிடம் அரைப்பக்கத் தாள் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பேன்: இது மருத்துவச் செலவுக்கு உதவியாகத் தரப்படுகிறது, காரணம் பற்றி இரு தரப்பும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, இருவர் கையெழுத்து, தேதி. அந்தத் தாளில் “ரிவ்யூவை எடுத்துவிட வேண்டும்”, “அதிகாரியிடம் புகார் தரக் கூடாது” என்று நிபந்தனை சேர்க்காதீர்கள். வாயை அடைக்கக் கொடுத்த பணம் என்று அதுவே படிக்கப்படும்.

மெஸ்ஸுக்குள்ளேயும் கொஞ்சம் கவனம் வேண்டும். வந்தவரிடம் யார் என்ன பேசினாலும் கடை பேசியதாகத்தான் ஆகும். “ஆமா சார், அன்னிக்கு ஃபிரிட்ஜ் ஓடல” என்று சப்ளையர் பையன் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டுப் போவான், அது உண்மையாகக்கூட இருக்காது. இந்த விஷயத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் பேசுங்கள். அன்றைய பில் நகல், அரிசி, எண்ணெய் வாங்கிய சீட்டு, மாஸ்டர் சொன்னது, போனில் அவர் சொன்னது எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெப்பநிலை ரிஜிஸ்டர் அன்றைக்கு எழுதவில்லை என்றால் வெறுமையாகவே இருக்கட்டும். இன்றைக்கு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக்கு நிரப்பினால், ஒரே பேனா, ஒரே கையெழுத்து, வரிசையாக ஒரே எண் என்று அதிகாரி ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். அதுவரை சந்தேகமாக இருந்தது, அதற்கப்புறம் மோசடியாகிவிடும். இனிமேல் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு சின்ன டப்பா எடுத்து, தேதி நேரம் எழுதி, மூன்று நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். கேட்டரிங்காரர்கள் செய்வதுதான். ஞாயிற்றுக்கிழமை டப்பா இருந்திருந்தால் அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, இந்தக் கடிதத்தை இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம்.

வேறு வீடுகளிலிருந்தும் போன் வந்தால், நான் இதுவரை சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே வக்கீலையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியையும் நீங்களே தேடிப் போங்கள். அது கடிதத்தில் தீருகிற விஷயம் இல்லை.

சனிக்கிழமைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் சனிக்கிழமை மாலை பேசியே ஆக வேண்டும். “நாங்க பாத்தவரைக்கும் இதுதான் காரணம்னு தெரியல சார், பாப்பா ஸ்கூலுக்குப் போறாளா?” என்றால் போதும். மாஸ்டர் ஏழு மணிச் சோறு என்று ஒத்துக்கொண்டிருந்தால் அதை மறைக்கச் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் ஏஜெண்டிடமோ வக்கீலிடமோ அந்தத் தகவலோடு போய், எந்த வார்த்தையில் சொல்வது என்று கேட்டுக்கொண்டு, அதே சனிக்கிழமை அவரிடம் சொல்லிவிடுங்கள்.